குளத்தில் ஒரு குழந்தை, அசைன்மென்ட்டில் ஒரு சொல்

தத்துவ முதுகலை வகுப்பில் ஆய்விதழ்க் கட்டுரை ஒன்றைக் கொடுத்து, ஆயிரம் சொற்களில் சுருக்கி மதிப்பிடச் சொல்வார்கள். பீட்டர் சிங்கர் 1972-இல் வெளியிட்ட ‘ஃபேமின், அஃப்லுயன்ஸ் அண்ட் மொராலிட்டி’ இதற்கு வாகான கட்டுரை. சில பக்கங்கள்தான், மொழியும் எளிது. அந்த எளிமையில்தான் பலர் வழுக்குகிறார்கள்.

“முதலில் கிழக்கு வங்க அகதிகளைப் பற்றிச் சொல்கிறார், பிறகு குளத்தில் மூழ்கும் குழந்தையைப் பற்றிச் சொல்கிறார்” என்று போகும் சுருக்கம் பக்கங்களின் வரிசையைத்தான் காட்டுகிறது, வாதத்தைக் காட்டவில்லை. முதலில் முடிவைப் பிடியுங்கள்: வசதியுள்ளவர் நிவாரணத்துக்குக் கொடுப்பது தயவு அல்ல, கடமை. அடுத்து, இந்த முடிவு எதன்மேல் நிற்கிறது என்று தேடுங்கள். பசியாலும் நோயாலும் சாவது தீமை. அதற்கு ஒப்பான அறமதிப்புள்ள எதையும் இழக்காமல் ஒரு தீமையைத் தடுக்க முடிந்தால், தடுத்தாக வேண்டும். நாம் கொடுக்கும் பணம் அதைத் தடுக்கும். மூன்றாவதை அவர் அழுத்திச் சொல்வதில்லை. சுருக்குபவர்தான் வெளியே எடுத்து வைக்க வேண்டும்.

இதில் ‘ஒப்பான’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். சிங்கர் தம் கொள்கையை இரண்டு வடிவங்களில் தருகிறார். வலிய வடிவத்தின்படி, இதற்குமேல் கொடுத்தால் பெறுபவரின் துயரளவுக்கு நமக்கும் துயரம் வரும் என்ற எல்லை வரை கொடுக்க வேண்டும். மிதமான வடிவத்திலோ, அறநோக்கில் பொருட்படுத்தத்தக்க எதையும் இழக்க வேண்டியதில்லை. “பெரிய இழப்பில்லாமல் உதவ வேண்டும் என்கிறார்” என்று எழுதும் மாணவர் இரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகிறார். அடுத்த பக்கத்தில் அவரே “அப்படியானால் நான் ஓட்டாண்டியாக வேண்டுமா?” என்று கேட்டால், அந்தக் கேள்வி அவருடைய சுருக்கத்தோடே பொருந்தாது.

மதிப்பீட்டுக்கு வரும்போது ஒரு சோதனை உண்டு: என் மறுப்பு எந்தக் கூற்றை மறுக்கிறது, அல்லது எந்தத் தாவலை? “மனிதர் சுயநலமிகள், யாரும் இப்படிக் கொடுக்க மாட்டார்கள்” என்பது எதையும் மறுக்கவில்லை. சிங்கர் பேசுவது செய்ய வேண்டியதைப் பற்றி. மக்கள் அதைச் செய்வதில்லை என்பதுதான் அவருடைய குறையே. “அவர்கள் தொலைவில் இருக்கிறார்களே” என்பதற்குக் கட்டுரையிலேயே பதில் இருக்கிறது. அந்தப் பதிலில் ஓட்டை காட்டினாலொழிய அதை எழுதிப் பயனில்லை.

நான் எடுத்துக்கொள்ளும் மறுப்பு சிங்கரின் குள எடுத்துக்காட்டைப் பற்றியது: போகிற வழியில் ஒரு குழந்தை குளத்தில் மூழ்கினால், இறங்கிக் காப்பாற்ற வேண்டும் என்கிறார். அங்கே ஒரு குழந்தை, ஒரு முறை. உடை சேறாகிறது, அவ்வளவுதான். தினமும் அந்த வழியே போகும்போதெல்லாம் குழந்தைகள் மூழ்கிக்கொண்டே இருந்தால், வாழ்நாள் முழுக்க அங்கேயே நிற்க வேண்டுமா? ஒரு குழந்தையைக் காப்பாற்ற வேண்டும் என்ற நம் தீர்ப்புக்கு மிதமான வடிவமே போதும். ஆகவே குளம் மட்டுமே வலிய வடிவத்தை நிறுவிவிடாது.

இத்துடன் நிறுத்தாமல் சிங்கரின் பக்கம் போய் நில்லுங்கள். நம் களைப்பு அடுத்த குழந்தையின் உயிரை மலிவாக்கிவிடுமா என்று அவர் கேட்கலாம். மிதமான வடிவமே நம் செலவுப் பழக்கத்தைப் புரட்டிப் போடும் என்று கட்டுரையிலேயே சொல்கிறார். இரண்டையும் எடைபோட்ட பிறகு என் தீர்ப்பு: மறுப்பு வலிய வடிவத்தை ஆட்டுகிறது, கொடுப்பது கடமை என்ற முடிவு அப்படியே நிற்கிறது.