காது மெஷின் இருக்கிற காதையும் கெடுக்குமா?

காது கேட்கும் கருவியைப் பற்றி வள்ளியூர் வட்டாரத்தில் இரண்டு அச்சங்கள் நிலவுகின்றன. ஒன்று, மாட்டினால் இருக்கிற காதும் போய்விடும் என்பது. மற்றொன்று, ஒருமுறை மாட்டினால் பிறகு அது இல்லாமல் முடியாது என்பது.

கருவி போட்டால் காது மேலும் மந்தமாகுமா?

பரிசோதித்து அளவோடு பொருத்திய கருவியால் ஆகாது. 1984இல் அமெரிக்காவில் சில்மன், கெல்ஃபண்ட், சில்வர்மன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. இரு காதும் மந்தமாக இருந்தும் ஒரு காதில் மட்டும் கருவி அணிந்தவர்களைச் சில ஆண்டுகளுக்குப் பின் அவர்கள் மீண்டும் சோதித்தார்கள். கருவி காதைக் கெடுக்குமானால் அணிந்த காதுதான் பின்தங்கியிருக்க வேண்டும். நடந்தது வேறு. சொற்களைப் பிரித்தறியும் திறன் குறைந்திருந்தது கருவி அணியாத காதில். ஒலி போதிய அளவு போய்ச் சேராத காதுப் பக்கம், பேச்சைப் புரிந்துகொள்ளும் பழக்கத்தை மூளை மெல்ல இழக்கிறது.

அப்படியானால் கழற்றியதும் முன்னைவிடக் குறைவாகக் கேட்பது ஏன்?

குறைவாகக் கேட்பதில்லை; அப்படித் தோன்றுகிறது. 4000 ஹெர்ட்ஸ் ஒலியில் 60 டெசிபல் இழப்புள்ள ஒரு முதியவரை எடுத்துக்கொள்ளலாம். ‘ச’, ‘ஸ’ போன்ற மெல்லிய ஒலிகள் அவருக்கு ஆண்டுக்கணக்கில் கேட்டிருக்காது. அந்தக் குறை பழகியும் போயிருக்கும். கருவி வந்த சில வாரங்களில் அந்த ஒலிகள் பழகிவிடுவதால், கழற்றியதும் இழப்பு பளிச்சென்று தெரிகிறது. சார்பு என்று சொல்லப்படுவது இவ்வளவுதான். ஐயம் தீர, கருவியைக் கழற்றிவிட்டு ஆடியோகிராம் எடுத்துப் பழைய தாளோடு ஒப்பிடலாம். 5 டெசிபல் வித்தியாசம் சோதனைக்குச் சோதனை வருவதுதான். அதற்குமேல் கூடியிருந்தாலும் பழி கருவிக்கு அல்ல. முதுமையால் வரும் மந்தம் கருவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வளரும்.

கெடுதலே வராதா?

சோதனை இல்லாமல் கடையில் வாங்கும் மலிவு ஒலிபெருக்கிகளால் வரலாம். அவற்றில் பல, பேத்தியின் மெல்லிய குரலையும் பஸ் ஹாரனையும் ஒரே மடங்கு பெருக்குகின்றன. முறையான கருவி மெல்லிய ஒலியைக் கூடுதலாகவும் உரத்த ஒலியைக் குறைவாகவும் உயர்த்தும். உச்ச ஒலிக்கும் வரம்பு இருக்கும். 60 டெசிபல் இழப்புக்கு 60 டெசிபல் கூட்டுவதில்லை, தோராயமாகப் பாதிதான். ஆகவே ஆடியோகிராம் இல்லாமல் கருவி வாங்கலாகாது. பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவை அணுகலாம்.

திடீரென்று கேட்காமல் போனால்?

முதலில் பேட்டரியையும், குழாயிலோ காதிலோ குறும்பி அடைத்திருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலும் கோளாறு அங்கேதான். கழற்றிய பிறகும் ஒரு காது ஓரிரு நாளில் சட்டென்று மங்கியிருந்தால் அது வேறு நோய். ஸ்டீராய்டு மருந்து முதல் சில நாட்களிலேயே தொடங்கினால்தான் நன்றாகப் பலன் தரும்; அதனால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.