பீரோவுக்குப் பின்னால் ஓர் எழுத்து

நான் முதன்முதலாக நடத்திய புதையல் வேட்டை ஐந்தே நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஐந்தாம் வகுப்பு, தமிழ்வழி, 32 பிள்ளைகள். 'இட் இஸ் அண்டர் த டேபிள்' என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன். சீட்டை வாங்கிய பெண் 'டேபிள்!' என்று கத்தினாள். அவ்வளவுதான், ஒரு குழு முழுக்க என் மேசையை மொய்த்துவிட்டது. ஒருத்தி மேலே இருந்த நோட்டுகளைப் புரட்டினாள், இன்னொருத்தி இழுப்பறையைத் திறந்தாள், ஒரு பையன் அடியில் புகுந்து மிட்டாய்ப் பொட்டலத்தோடு வெளியே வந்தான். வகுப்பில் ஒரே கும்மாளம். பாடம் நன்றாகப் போனது என்றுதான் நினைத்தேன்.

மறுநாள் டஸ்டரை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, எங்கே இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டேன். 'சேர்' என்றார்கள். சேருக்கு எங்கே என்றதும் 'இன்' என்று பாதிப் பேர், 'ஆன்' என்று மீதிப் பேர். முந்தைய நாள் அடியில் புகுந்த பையனும் 'ஆன்' கட்சியில்தான் இருந்தான்.

தப்பு என் சீட்டில் இருந்தது. 'டேபிள்' என்ற ஒரு சொல் தெரிந்தாலே புதையல் கிடைத்துவிடும் என்றால், 'அண்டர்' என்பதை எவன் படிப்பான்? மேசையைச் சுற்றித் தேட இடம் நாலுதான். நாலையும் துழாவினால் போயிற்று. இடத்தைச் சொல்லும் சொல் புரிந்தால்தான் புதையல் கிடைக்கும், புரியாவிட்டால் கிடைக்காது என்று வேட்டையை அமைத்திருக்க வேண்டும். அதற்கு வழி கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

முதலில் பிள்ளைகளுக்கு எங்கே இடறுகிறது என்று பார்க்கலாம். 'டப்பால பேனா இருக்கு', 'டேபிள்ல புக் இருக்கு', 'சுவத்துல காலண்டர் இருக்கு'. மூன்றுக்கும் நமக்கு ஒரே 'ல' போதும். இடத்தைக் காட்ட நன்னூல் 28 உருபுகளைப் பட்டியல் போடுகிறது. நம் பேச்சோ பெரும்பாலும் அந்த ஒற்றை எழுத்தை வைத்தே காலம் தள்ளுகிறது. ஆங்கிலத்தில் டப்பாவுக்கு 'இன்', மேசைக்கும் சுவருக்கும் 'ஆன்'. எனவே 'புக் இஸ் இன் த டேபிள்' என்று எழுதும் பிள்ளை மக்கு அல்ல, தமிழை ஒழுங்காக மொழிபெயர்த்திருக்கிறது. இழுப்பறை வைத்த மேசையானால் அந்த வாக்கியத்தில் பிழையே இல்லை, புத்தகம் இருக்கும் இடம்தான் வேறு.

பல கையேடுகளில் 'ஆன் என்றால் மேல்' என்று போட்டிருக்கும். அது பாதி உண்மை. சுவர்க் காலண்டர் சுவருக்கு மேலே இல்லை, ஆனாலும் அதற்கு 'ஆன்'. தலைக்கு மேலே சுற்றும் ஃபேன் நமக்கு மேலேதான் இருக்கிறது, ஆனாலும் அதற்கும் நம் தலைக்கும் நடுவே 'ஆன்' வராது. 'ஆன்' கேட்பது உயரத்தை அல்ல, ஒட்டுதலை. இதை விளக்க நான் டஸ்டரை மேசைக்கு ஒரு சாண் உயரத்தில் பிடித்துக்கொண்டு 'ஆனா?' என்று கேட்பேன். மெல்ல இறக்கி மேசையைத் தொட்டதும் மறுபடி கேட்பேன். பிறகு அதையே கரும்பலகையின் மேல் செங்குத்தாக அழுத்திப் பிடித்துக் கேட்பேன். தொட்டால் 'ஆன்', தொடாவிட்டால் இல்லை. இந்த வித்தியாசம் தமிழிலும் உண்டு, நாம்தான் கவனிப்பதில்லை. 'மேசை மேல விளக்கு' என்றால் விளக்கு மேசையில் உட்கார்ந்திருக்கிறது. 'மேசைக்கு மேல விளக்கு' என்றால் தொங்குகிறது. அந்தக் 'கு' வந்ததும் ஒட்டு விட்டுப்போகிறது. இதைச் சொன்னதும் பின்பெஞ்சில் சிரித்த ஒருவன் அதற்குப் பிறகு 'ஆன்' விஷயத்தில் தப்பே செய்யவில்லை.

முதல் நாள் நான்கு சொற்களுக்கு மேல் போவதில்லை: 'இன்', 'ஆன்', 'அண்டர்', 'பிஹைண்ட்'. நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு பிள்ளையும் தன் ரப்பரை வைக்க வேண்டும். ரப்பர் இன் த பேக். ரப்பர் அண்டர் த நோட்புக். பிள்ளைகள் வாய் திறக்கவே வேண்டாம், கை சரியாகப் போனால் போதும். ஆனால் இங்கேயும் ஒரு கண்ணி இருக்கிறது.

1973இல் ஈவ் கிளார்க் என்ற மொழியியலாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயது வரையுள்ள, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளிடம் சிறு பொம்மைகளைக் கொடுத்து, இதற்குள் வை, இதன் மேல் வை, இதன் அடியில் வை என்று சொல்லிப் பார்த்திருக்கிறார். ஆகச் சிறிய குழந்தைகளுக்குச் சொல் எதுவானாலும் ஒன்றுதான். பெட்டி போன்ற பொருள் என்றால் உள்ளே போட்டார்கள், தட்டையான பரப்பு என்றால் மேலே வைத்தார்கள். அதனால் 'இன்' என்றபோது அவர்கள் செய்தது சரியாகத் தெரிந்தது. 'அண்டர்' என்றபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

நம் பிள்ளைகளுக்குப் பத்து வயது, உள், மேல், அடி எல்லாம் தெரியும்தான். ஆனாலும் சொல் புரியாத இடத்தில் கை பழக்கத்தைத்தான் நாடும். ஜியாமெட்ரி பாக்ஸைக் காட்டி 'இன் த பாக்ஸ்' என்றால் 32 பேரும் சரியாகச் செய்வார்கள். அதனால் நமக்கு எதுவும் தெரியவராது. 'பிஹைண்ட் த பாக்ஸ்' என்று கேட்க வேண்டும். புதையலையும் அப்படித்தான், கை தானாகப் போகாத இடத்தில் ஒளிக்க வேண்டும்.

'பிஹைண்ட்' கற்பிக்கும்போது நாற்காலியில் தொடங்குவது நல்லது. நாற்காலிக்கு என்று ஒரு முன்பக்கம் உண்டு, யார் எங்கே நின்று பார்த்தாலும் சாய்மானம் இருக்கும் பக்கம்தான் அதன் பின்புறம். குப்பைக்கூடைக்கு முன்னும் கிடையாது பின்னும் கிடையாது. நான் பலகை அருகே நின்று 'பிஹைண்ட் த டஸ்ட்பின்' என்றால் எனக்குப் பின்புறமாகத் தெரிவது எதிரே உட்கார்ந்திருப்பவனுக்கு முன்புறம். ஒரு தடவை இதில் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது, இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. அதிலிருந்து கூடைக்கு 'நெக்ஸ்ட் டு' மட்டும்தான்.

இனி வேட்டை. மூன்றாம் நாள் வைத்துக்கொள்கிறேன், அதற்குள் 'நெக்ஸ்ட் டு', 'பிட்வீன்' இரண்டும் சேர்ந்துவிடும். வகுப்பறையில் ஐந்து நிறுத்தங்கள்: ஆசிரியர் மேசை, நாற்காலி, பீரோ, கழுவிய குப்பைக்கூடை, கதவும் ஜன்னலும் சேர்ந்த சுவர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரு சீட்டல்ல, மூன்று சீட்டு மடித்து ஒட்டுவேன். பீரோவில் உள்ளே ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று. மேசையில் மேலே, அடியில், இழுப்பறைக்குள். மொத்தம் பதினைந்து சீட்டு. ஒவ்வொன்றிலும் நிறுத்தத்தின் எண், ஓர் ஆங்கில எழுத்து, அடுத்த இடத்துக்கான குறிப்பு. அடுத்த குறிப்பு மூன்று சீட்டிலும் ஒன்றுதான், எழுத்து மட்டும் வேறு. சரியான ஐந்து எழுத்தும் சேர்ந்தால் 'மேங்கோ' வரும்.

ஆக, தப்பான சீட்டை எடுத்த குழுவும் பாதியில் நிற்காது. கடைசி வரை ஓடும், சொல்தான் வராது. முன்பெல்லாம் தப்பான சீட்டில் 'தவறு' என்று எழுதி வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் பிள்ளைகள் அடுத்ததைப் பிரித்துவிடுவார்கள், பழைய கதைதான்.

எட்டுப் பேராக நான்கு குழு. ஒவ்வொன்றும் வெவ்வேறு நிறுத்தத்தில் தொடங்கி வட்டமாகச் சுற்றும். ஐந்தாவது நிறுத்தத்தின் சீட்டு முதல் நிறுத்தத்துக்கு அனுப்பும். தொடக்கக் குறிப்பை மட்டும் நான் கையில் கொடுப்பேன். குழுவில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுந்து போகலாம், ஒரு சீட்டைத்தான் பிரிக்கலாம். படித்ததும் மடித்து அங்கேயே வைத்துவிட வேண்டும். திரும்பி வந்து எழுத்தையும் அடுத்த குறிப்பையும் மனப்பாடமாகச் சொன்னால், அடுத்தவர் எழுந்து போவார்.

பீரோவிலிருந்து பெஞ்சுக்குப் பத்தடி இருக்கும். அந்தப் பத்தடியில் வாக்கியம் உதிர்வதைக் காதாலேயே கேட்கலாம். 'இட் இஸ் நெக்ஸ்ட் டு த டஸ்ட்பின்' என்று முணுமுணுத்துக்கொண்டே கிளம்புவாள், வந்து சேரும்போது 'டஸ்ட்பின்' மட்டும் மிஞ்சியிருக்கும். போன வருடம் அடுத்துப் போக வேண்டியவன் எழாமல் உட்கார்ந்துகொண்டு, "டஸ்ட்பின்ல எங்கடி?" என்றான். அவள் திரும்ப ஓடிப்போய்ப் படித்துவிட்டு வந்தாள். பாடம் நடந்தது அந்த ஓட்டத்தில்தான்.

இருபது நிமிடத்தில் நான்கு குழுவும் முடித்துவிட்டன. மூன்று குழுக்கள் 'மேங்கோ' என்று சத்தம் போட்டன. நான்காவது குழு எழுதி வந்தது: எம், ஏ, டி, ஜி, ஓ. மூன்றாவது எழுத்து 'என்' ஆக இருந்திருக்க வேண்டும். மூன்றாவது நிறுத்தம் பீரோ, குறிப்பு 'பிஹைண்ட் த கப்போர்ட்', 'டி' இருந்ததோ பீரோவுக்கு உள்ளே. கிளார்க்கின் குழந்தைகள் செய்ததும் அதுதான். எந்தப் பிள்ளைகளுக்கு எந்தச் சொல் இன்னும் நிற்கவில்லை என்பது தனியாகத் தேர்வு வைக்காமலே தெரிந்துவிட்டது. அவர்கள் அந்த ஒரு நிறுத்தத்துக்கு மட்டும் மறுபடி போனார்கள். மாம்பழம் நிஜமாகவே இருந்தது, ஆளுக்கு ஒரு கீற்று.

இந்த விளையாட்டு காட்டுவது பிள்ளைகளுக்குப் புரிகிறதா என்பதை மட்டுமே. சொல்ல வருகிறதா என்பது வேறு கதை. அதற்காக அடுத்த வாரம் குறிப்புகளை அவர்களையே எழுதவிட்டேன். 'இட் இஸ் த பெஞ்ச் அண்டர்' என்று ஐந்தாறு சீட்டு வந்தன. தமிழில் பெஞ்சுக்கு அப்புறம்தானே 'அடியில்' வரும். திருத்திக் கொடுக்காமல், 'அண்டர்', 'த', 'பெஞ்ச்' என்று மூன்று அட்டைகளை மூன்று பிள்ளைகள் கையில் கொடுத்து, இடம் மாறி நிற்கச் சொன்னேன். அண்டர் அட்டைக்காரன் ஒவ்வொரு தடவையும் முன்னால் ஓடி வந்து நின்றான்.

அன்று எழுதியவற்றில் ஒன்றில் இலக்கணப் பிழையே இல்லை: 'இட் இஸ் பிஹைண்ட் த டீச்சர்'. எழுதியவள் நான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது என் முதுகுக்கு நேரே கரும்பலகையில் எழுத்தை ஒட்டியிருக்கிறாள். வேட்டை தொடங்கும்போது நான் ஜன்னலோரம் போய் நின்றுவிட்டேன். ஒரு பையன் வந்து எனக்குப் பின்னால் ஜன்னல் கம்பிகளை எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, "டீச்சர், கொஞ்சம் பழைய இடத்துக்கே போய் நில்லுங்களேன்" என்றான்.