வங்கியை நிறுக்கும் எடைக்கல்

"புத்தக மதிப்புக்கும் கீழே கிடைக்குது சார், கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்." வங்கிப் பங்குகளைப் பற்றி இப்படி யாராவது சொன்னால், முதலில் கண்ணைத் திறந்துகொள்ளுங்கள்.

நிறுவனத்தின் சொத்துகளைக் கூட்டி, கொடுக்க வேண்டிய கடன்களைக் கழித்து, மிஞ்சுவதைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது புத்தக மதிப்பு. பங்கின் விலை அதைப் போல எத்தனை மடங்கு என்பதுதான் பி.பி. விகிதம்.

ஐ.டி. நிறுவனத்துக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அங்கே சம்பாதித்துக் கொடுப்பவர்கள் மாலையில் ஷட்டில் பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்க ஆகும் பணம் அந்த வருடச் செலவாக எழுதப்படுகிறது, சொத்துப் பட்டியலில் ஏறுவதில்லை. பல வருட வாடிக்கையாளர் உறவுக்கும் அங்கே இடமில்லை. கட்டடம், கணினி, கையிருப்புப் பணம், வரவேண்டிய பாக்கி இவைதான் பெரும்பாலும் கணக்கில் நிற்கும். இன்ஃபோசிஸ் 2017இல் 13,000 கோடி ரூபாய்க்குத் தன் பங்குகளையே திரும்ப வாங்கியது. அவ்வளவு பணமும் புத்தக மதிப்பிலிருந்து போனது. அதனால் தொழிலின் சம்பாதிக்கும் திறன் குறைந்துவிட்டதா என்ன?

வங்கியின் சரக்கே பணம்தான். கொடுத்த கடன், வாங்கிய அரசுப் பத்திரம், ரொக்கம் எல்லாமே ரூபாயில் எழுதப்பட்டவை. எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பதையும் சொந்த மூலதனத்தை வைத்தே ரிசர்வ் வங்கி கட்டுப்படுத்துகிறது. ஆகவே வங்கிக்குப் புத்தக மதிப்பு நல்ல எடைக்கல். ஆனால் எழுதியிருக்கும் கடன் திரும்பி வர வேண்டும்.

ஒரு கற்பனை வங்கியை எடுத்துக்கொள்வோம். சொத்து 1,000 கோடி. டெபாசிட்டும் மற்ற கடன்களும் 920 கோடி. மிச்சம் 80 கோடி. பங்குகள் 8 கோடி என்றால் புத்தக மதிப்பு 10 ரூபாய். சந்தையில் 8 ரூபாய்க்கு விற்கிறது, அதாவது பி.பி. 0.8. மலிவுதான் என்று தோன்றும். ஆண்டறிக்கையில் நிகர வாராக்கடன் என்ற வரியைத் தேடுங்கள். ஏற்கெனவே ஒதுக்கிவைத்தது போக மீதி நிற்கும் வாராக்கடன் அது. அங்கே 40 கோடி இருந்து, ஒரு பைசாவும் வசூலாகவில்லை என்றால் புத்தக மதிப்பு 5 ரூபாயாகிவிடும். அதே 8 ரூபாய் இப்போது 1.6 மடங்கு. நூற்றுக்கு நான்கு ரூபாய் சொத்து போனதில் முதலாளிகளின் பாதிப் பணம் போய்விட்டது.

வாராக்கடனையே குறைத்துக் காட்டினால்? யெஸ் வங்கியில் 2016, 2017 நிதியாண்டுகளில் ரிசர்வ் வங்கியின் கணக்கு, வங்கி சொன்னதைவிடப் பல ஆயிரம் கோடி அதிகமாக இருந்தது. 2019 மார்ச் கணக்கின்படி அதன் புத்தக மதிப்பு பங்குக்கு 100 ரூபாய்க்கு மேல். அந்த வருடமே பங்கு 50 ரூபாய்க்கும் கீழே இறங்கியபோது மலிவு என்று வாங்கியவர்கள் உண்டு. 2020 மார்ச்சில் ஸ்டேட் வங்கி மீட்கப் போனபோது, ஒரு பங்கை 10 ரூபாய்க்கு வாங்கியது.