480-வது நாள் எப்போது வருகிறது?

தொழிற்சாலைகளின் ஹெச்.ஆர். அலுவலகங்களில் கான்ட்ராக்ட் ஊழியர்களுக்கென்று ஒரு எக்செல் ஷீட் இருக்கும். பெயர், டோக்கன் நம்பர், பிரிவு, ஒப்பந்தம் முடியும் தேதி. ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டால் பழைய தேதியை அழித்துவிட்டு அதே கட்டத்தில் புதிய தேதியைப் போட்டுவிடுவார்கள். அடுத்த மாதம் யாருக்கு ஒப்பந்தம் முடிகிறது என்று பார்க்க இது போதும். யார் நிரந்தரமாக வேண்டியவர் என்று பார்க்க இதனால் ஆகாது.

தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு எண் உண்டு: 480. தொழிலாளர்களுக்கு நிரந்தரத் தகுதி வழங்கும் 1981-ஆம் ஆண்டுச் சட்டம், 24 மாதங்களுக்குள் 480 நாள் தொடர்ந்து பணி செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது. இதையே அளவுகோலாகக் கொண்ட ஒரு நிறுவனத்தின் கொள்கையை எடுத்துக்கொள்வோம். 480 நாள் ஆனவருக்கு நிரந்தர ஆணை தரவேண்டும். 420 நாளைத் தொட்டதுமே அவருடைய கோப்பு மேலே போகவேண்டும். ஒப்பந்தங்களுக்கு நடுவே விடப்படும் சில நாள் 'பிரேக்' கணக்கில் சேராது. ஆனால் அதற்காக எண்ணிக்கை பூஜ்யத்துக்கும் திரும்பாது.

ஒரு தொழிலாளியின் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். முதல் ஒப்பந்தம் 2023 ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை, 181 நாள். ஒரு வாரம் பிரேக். இரண்டாவது ஜூலை 8 முதல் டிசம்பர் 31 வரை, 177 நாள். ஆக 358. மீண்டும் ஒரு பிரேக். மூன்றாவது 2024 ஜனவரி 10-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. 480-க்கு இன்னும் 122 நாள் வேண்டும். மார்ச் 11-ல் 420 ஆகிவிடுகிறது, மே 10-ல் 480.

பழைய ஷீட்டில் இவர் பெயருக்கு எதிரே இருப்பது ஜூன் 30 மட்டும். அதைப் பார்த்து ஜூன் மாதம் கோப்பை எடுக்கிறவர், ஒரு மாதத்துக்கு முன்பே வந்துபோன தேதியைத்தான் தேடிக்கொண்டிருப்பார். ஒப்பந்தம் முடியும் நாளும் நிரந்தரமாகும் நாளும் ஒன்றாக அமைவது அபூர்வம்.

ஆகவே ஆளுக்கு ஒரு வரி என்பதை விட்டு, ஒப்பந்தத்துக்கு ஒரு வரி என்று எழுத வேண்டும். எதையும் அழிக்கக் கூடாது. பிரேக் முடிந்து திரும்பி வருகிறவருக்குப் புது டோக்கன் நம்பர் கொடுக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. டோக்கனை நம்பினால் ஒரே ஆள் மூன்று ஆளாகிவிடுவார். வருங்கால வைப்பு நிதிக்கான 12 இலக்க யு.ஏ.என். மாறாது. வரிகளை அதைக் கொண்டே சேர்க்க வேண்டும்.

B-யில் தொடக்க தேதி, C-யில் முடிவு தேதி, H1-ல் கணக்கிடும் நாள் என்றால், 24 மாதத்துக்குள் அந்த ஒப்பந்தத்தின் நாட்கள் இவ்வளவு:

```
=MAX(0, MIN(C2,$H$1) - MAX(B2,EDATE($H$1,-24)+1) + 1)
```

கடைசியில் வரும் +1-ஐ விட்டுவிட்டால் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் ஒரு நாள் காணாமல் போகும். தேதிகளும் ஏமாற்றும். 05/06/2024 என்று ஜூன் 5-ஐக் குறித்திருப்பார்கள், கணினி அதை மே 6 என்று படித்திருக்கும். ஆறு மாத ஒப்பந்தத்துக்கு 210 நாளோ 150 நாளோ வந்தால் முதலில் தேதியைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

வராத நாட்களை எப்படிக் கழிப்பது என்பதில்தான் உண்மையான சச்சரவு. சம்பளப் பட்டியலில் 'லாஸ் ஆஃப் பே' என்று இருப்பதை எல்லாம் மொத்தமாகக் கழித்துவிடுகிறார்கள். அது தவறு. நோய், அனுமதி பெற்ற விடுப்பு, விபத்து, சட்டத்துக்கு உட்பட்ட வேலைநிறுத்தம் இவற்றால் விட்டுப்போன நாட்களையும் சட்டம் தொடர்ச்சியான பணியாகவே எண்ணுகிறது. நம் தொழிலாளி மூன்றாவது ஒப்பந்தத்தின் தொடக்கத்தில் இருபது நாள் இ.எஸ்.ஐ. மருத்துவ விடுப்பில் இருந்திருந்தாலும் மே 10 நகராது. சொல்லாமல் கொள்ளாமல் பன்னிரண்டு நாள் வராமல் இருந்தார், அதைக் கழிக்கலாம் என்று கொள்கையும் சொல்கிறது என்றால் மே 22 ஆகும். அதனால் விடுப்பின் காரணத்துக்குத் தனிக் கட்டம் வேண்டும். வெறும் எண்ணை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது.

இந்தப் பட்டியலை நேர்மாறாகப் பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். 420 என்று சிவப்பு விழுந்ததும் நிரந்தர ஆணையைத் தயார் செய்யாமல், 470-க்குள் ஆளை அனுப்பிவிடுவார்கள். நிரந்தர உரிமை கிடைக்கக் கூடாது என்பதற்காகவே ஆட்களைத் தற்காலிகமாக ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பதை, நியாயமற்ற தொழில் நடைமுறை என்று மத்திய தொழிலாளர் சட்டம் பட்டியலிட்டிருக்கிறது. இது நடக்கிறதா என்று கண்டுபிடிக்கவும் அதே ஷீட் போதும். வேலையை விட்டுப் போனவர்களின் வரிகளை நீக்காமல் வைத்திருந்து, போன நாளில் ஒவ்வொருவரும் எத்தனை நாள் முடித்திருந்தார் என்று வரிசைப்படுத்தினால் தெரிந்துவிடும். தாமாக விலகியவர்களின் எண்ணிக்கை 40, 130, 300 என்று சிதறிக் கிடக்கும். 450-க்கும் 479-க்கும் நடுவே ஒரு கும்பல் தெரிந்தால், அவர்களுடைய ஒப்பந்தங்களை நீட்டிக்க மறுத்துக் கையெழுத்துப் போட்டவரிடம் காரணம் கேட்க வேண்டும்.