உஷார்! தவணையோடு ஒட்டிக்கொண்டு வரும் சந்தா

பைக்கோ காரோ கடனில் வாங்கியவர்கள் பாஸ்புக்கை இன்றே எடுத்துப் பாருங்கள். தவணைத் தேதி இல்லாத ஒரு நாளில், தவணைத் தொகை இல்லாத ஒரு பணம் NACH அல்லது ACH என்ற வரியில் போயிருக்கிறதா? வழியில் வண்டி நின்றால் உதவிக்கு ஆள் அனுப்பும் 'ரோடு சைடு அசிஸ்டன்ஸ்' சந்தா உங்களுக்குத் தெரியாமலே புதுப்பிக்கப்பட்டிருக்கலாம்.

ஷோரூமில் ஒரு கட்டுக் காகிதத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். அதில் ஒன்று, வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுத்துக்கொள்ள நாம் தரும் மேன்டேட். 'குறிப்பிட்ட தொகை', 'அதிகபட்சத் தொகை' என்று அதில் இரண்டு கட்டங்கள் உண்டு. பெரும்பாலும் இரண்டாவதில்தான் டிக் விழும். தவணை 4,200 ரூபாய், அதிகபட்சம் 10,000 என்று வைத்துக்கொள்வோம். சந்தா படிவத்திலும் உங்கள் கையெழுத்து இருந்தால், அடுத்த வருடம் 1,000 ரூபாயும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்து 1,180 ரூபாயை அதே மேன்டேட் வழியாக எடுக்க வங்கியில் தடை இருக்காது. தொகை வரம்புக்குள் இருக்கிறதே!

பணம் போவதோடு இது முடிவதில்லை. 5ஆம் தேதித் தவணைக்கென்று கணக்கில் 4,500 மட்டும் வைத்திருப்பவருக்கு, 3ஆம் தேதி 1,180 போனால் மிச்சம் 3,320. தவணை பவுன்ஸ் ஆகும். கடன் கொடுத்தவரும் வங்கியும் தனித்தனியே அபராதம் போடுவார்கள். தாமதம் நீண்டால் சிபில் மதிப்பெண்ணிலும் அடி விழும்.

ஆத்திரத்தில் மேன்டேட்டையே ரத்து செய்துவிடாதீர்கள். அதோடு தவணையும் நின்றுபோகும். கடன் நிறுவனத்திடம் கடன் கணக்கு ஸ்டேட்மென்ட் கேளுங்கள். சந்தாவை மட்டும் நிறுத்தி, எடுத்த பணத்தைத் திருப்பித் தரும்படி மின்னஞ்சலில் எழுதுங்கள். போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது.

2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்பட்ட கடன் என்றால் உங்கள் கையில் ஒரு பிடி இருக்கிறது. வட்டி, கட்டணம் எல்லாவற்றையும் எழுதிய கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்டைக் கடன்காரருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதில் இல்லாத கட்டணத்தைக் கடன்காரரின் வெளிப்படையான சம்மதமில்லாமல் கடன் நிறுவனம் வசூலிக்கக் கூடாது. சந்தா அதில் இல்லையென்றால், "நான் சம்மதித்த ஆதாரம் எங்கே?" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் புகார் செய்யலாம்.

வண்டி இன்சூரன்ஸிலும் இதே சேவை 'ஆட்-ஆன்' என்ற பெயரில் வரும். புதுப்பிக்கும்போது போன வருடம் எடுத்த ஆட்-ஆன்கள் அப்படியே டிக்கோடு நிற்கலாம். புது வண்டிக்கு வண்டிக் கம்பெனியே இந்த உதவியை இலவசமாகத் தந்திருக்கவும் வாய்ப்புண்டு. அப்படியானால் ஒரே சேவைக்கு மூன்று இடத்தில் உறுப்பினர் நீங்கள். பிரீமியம் கட்டும் முன் ஆட்-ஆன் பட்டியலைத் திறந்து, வேண்டாத டிக்கை எடுத்துவிட்டுத் தொகை குறைகிறதா என்று பாருங்கள்.