உஷார்! “மூன்று மாதத்தில் கனடா” என்பவரிடம் பாஸ்போட்டைக் கொடுக்க வேண்டாம்

என் அன்புக்குரியவருக்கு,

சுகம் விசாரிப்பதைப் பிறகு வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை அந்த ஏஜென்சிக்காரரிடம் உம்முடைய பாஸ்போட்டைக் கொடுக்கப் போவதாக மாமி போனில் சொன்னா. தயவுசெய்து கொடுக்க வேண்டாம். முற்பணமும் வேண்டாம், வெற்றுப் படிவத்தில் கையெழுத்தும் வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படமெடுத்து இப்போதே வட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். கடிதம் தபாலில் வரும். மாமிக்கும் வாசித்துக் காட்டும்.

அவர் சொன்னதாக மாமி சொன்னவை மூன்று. “ஃபியான்சே விசா” எடுத்துத் தருவாராம். வீடியோவில் எழுத்தை முடித்துவிடலாமாம். அதைக் கனடாவுக்கு இப்போது சொல்லத் தேவையில்லையாம். மூன்றுமே எங்களைக் குழிக்குள் தள்ளுகிற பேச்சு.

முதலாவது, அப்படி ஒரு விசா கனடாவில் இல்லை. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நிச்சயிக்கப்பட்டவர்களுக்கென்று விசா உண்டு. கனடாவில் கணவன், மனைவி, அல்லது சட்டம் ஏற்கும் துணை என்ற வகையில்தான் ஸ்பொன்சர் செய்யலாம். இல்லாத விசாவுக்கு முற்பணம் வாங்குகிறவர் உமக்காக எதற்கு விண்ணப்பம் போடுவார்? பெரும்பாலும் விசிற்றர் விசாவுக்குத்தான். அதற்கு நீர் வேலை செய்யாத கம்பனியின் கடிதமும், உம்முடையதல்லாத வங்கிக் கணக்கும் வைப்பார்கள். உம்மிடம் வாங்கிய வெற்றுக் கையெழுத்து அங்கேதான் போய்ச் சேரும்.

விசா மறுக்கப்பட்டால் காசு போனதோடு முடிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பொய் ஆவணம் என்று அதிகாரி கண்டுபிடித்தால் கனடாச் சட்டத்தின் 40ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டுத் தடை விழும். அந்த ஐந்து ஆண்டும் நீர் நிரந்தர வதிவிடத்துக்கும் விண்ணப்பிக்க முடியாது. நான் ஸ்பொன்சர் செய்யத் தகுதி பெற்று நிற்கும்போது, உம்முடைய பெயரில் அந்தத் தடை நிற்கும். “ஏஜென்சிக்காரர் செய்தது, எனக்குத் தெரியாது” என்பதை அவர்கள் இலேசில் ஏற்கமாட்டார்கள். விண்ணப்பத்தில் இருப்பது உம்முடைய கையெழுத்து.

இரண்டாவது, வீடியோ எழுத்து. 2015 ஜூனில் இருந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் ஓரிடத்தில் நேரில் இல்லாமல் நடந்த திருமணத்தைக் கனடா ஸ்பொன்சருக்கு ஏற்பதில்லை. போனில் நடந்தாலும், இணையத்தில் நடந்தாலும், எனக்குப் பதிலாக இன்னொருவர் மணவறையில் இருந்தாலும் அதே கதைதான். சான்றிதழில் முத்திரை இருக்கும், ஐயர் இருப்பார், படம் இருக்கும். அவற்றை வைத்து உம்மை இங்கே அழைக்க முடியாது.

மூன்றாவதுதான் மிக ஆபத்தானது. என் அகதிக் கேஸ் ஏற்கப்பட்டுவிட்டது, பி.ஆர் இன்னும் வரவில்லை. பி.ஆர் உறுதியாகும் நாள் வரைக்கும் என் குடும்ப நிலையில் வரும் ஒவ்வொரு மாற்றத்தையும் நான் அறிவிக்க வேண்டும். மனைவி இருப்பதை மறைத்து பி.ஆர் வாங்கினால், பிறகு அந்த மனைவியை ஸ்பொன்சர் செய்ய முடியாது என்பதுதான் விதி. என்னைப் போன்றவர்களுக்கு 2019இல் ஒரு தற்காலிகச் சலுகை கொண்டுவந்தார்கள். அது எப்போதும் இருக்கும் என்று நம்பி எங்கள் வாழ்க்கையை அதன் மேல் கட்ட முடியாது. “கையெழுத்தை மட்டும் வைத்துவிட்டுப் பேசாமல் இருப்போம்” என்று நீர் கேட்டபோதெல்லாம் நான் மறுத்ததற்குக் காரணம் இதுதான். விருப்பமில்லாமல் தள்ளிப்போடுகிறேன் என்று ஊரில் கதைத்தார்கள். நீரும் அழுதீர். உம்மை நான் இழக்காமல் இருப்பதற்காகத்தான் மறுத்தேன்.

மாமாவின் செத்தவீட்டுக்கும் நான் வரவில்லை. அதை நீர் ஒரு நாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. ஆனாலும் சொல்லவேண்டும். பாதுகாப்புக் கேட்டு வந்தவன் தான் தப்பிவந்த நாட்டுக்குத் திரும்பிப் போனாலோ, அந்த நாட்டுப் பாஸ்போட்டைப் புதுப்பித்தாலோ, பாதுகாப்பு இனித் தேவையில்லை என்று அரசாங்கம் வழக்குப் போடலாம். 2012 கடைசியில் வந்த மாற்றத்துக்குப் பிறகு, அந்த வழக்கில் தோற்றால் பி.ஆரும் சேர்ந்தே போய்விடக்கூடும். நான் அங்கு வந்து நின்றிருந்தால் என் பி.ஆர் பைலே இல்லாமல் போயிருக்கலாம்.

பைல் செத்துவிட்டதென்று அந்த ஏஜென்சிக்காரர் சொன்னாராம். இல்லை. ஏற்கப்பட்ட அகதிகளில் ஆண்டுக்கு இத்தனை பேருக்குத்தான் பி.ஆர் என்று அரசாங்கம் அளவு வைத்திருக்கிறது. விண்ணப்பித்தவர்கள் அதைவிட அதிகம். அதனால்தான் வரிசை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. அந்த வரிசையை யாழ்ப்பாணத்தில் இருக்கிற எவரும் காசு கொடுத்து நகர்த்த முடியாது. இங்கே இருக்கிற லோயராலும் முடியாது.

இனி எங்கள் வழியைக் கேளும். எழுத்து இலங்கையில் இல்லை, இந்தியா போன்ற ஒரு மூன்றாம் நாட்டில். அகதிகளுக்கான பயணப் பத்திரத்தில் நான் வருவேன், நீர் உம்முடைய பாஸ்போட்டில் வருவீர். இரண்டு பேரும் நேரில் நிற்க, அந்த நாட்டுச் சட்டப்படி பதிவு செய்வோம். அது பி.ஆருக்கு முன்பு நடந்தால், உடனேயே என் பைலில் உம்முடைய பெயரை அறிவிப்பேன். பிறகு நடந்தால் ஸ்பொன்சர் போடுவேன். எந்த ஒழுங்கு எங்களுக்கு நல்லது என்பதை லோயரோடு இருந்து முடிவு செய்வோம். நாள் குறிப்பதும் அதற்குப் பிறகுதான்.

அதற்கிடையில் உம்மிடம் ஒரு வேலை இருக்கிறது. எங்கள் உறவு உண்மையானதா என்று அதிகாரி பார்ப்பார். தேவைப்பட்டால் உம்மைக் கூப்பிட்டுக் கேள்வியும் கேட்பார். ஆகவே என் கடிதங்களைத் தபால் முத்திரையுள்ள உறையோடு வைத்திரும். போன் பதிவுகளையும், நிச்சயதார்த்தப் படங்களையும் அழிக்க வேண்டாம். தமிழ்க் கடிதங்களைத் தகுதியான மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் வைப்போம். ஏஜென்சிக்காரர் படம் செய்து தருகிறேன், கதை எழுதித் தருகிறேன் என்றால் கிட்டப் போக வேண்டாம். ஒரு பொய்ப் படம் இருந்தால் மற்ற உண்மைகளையும் சந்தேகிப்பார்கள்.

யாராவது “நான் கனடா லைசென்ஸ் உள்ள ஆள்” என்று சொன்னால், பெயரையும் பதிவெண்ணையும் மட்டும் வாங்கி எனக்கு அனுப்பும். காசு வாங்கிக்கொண்டு கனடாக் குடிவரவு வேலை செய்ய மாகாணச் சட்டச் சங்கங்களில் பதிந்தவர்களுக்கும், கியூபெக் நோட்டரிகளுக்கும், கனடாவின் குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் பதிந்தவர்களுக்கும்தான் அனுமதி. பதிவேடு எல்லாருக்கும் திறந்திருக்கிறது, நான் இங்கிருந்து பார்த்துச் சொல்வேன். அரசாங்கத்தின் இணையத்தளம் canada.ca அல்லது gc.ca என்று முடியும். வேறு முகவரியிலிருந்து “உங்கள் விசா தயார், காசு அனுப்புங்கள்” என்று கடிதம் வந்தால் பதில் எழுத வேண்டாம்.

ஏற்கெனவே ஏதாவது கையெழுத்து வைத்துவிட்டீர் என்றால் என்னிடம் மறைக்க வேண்டாம். நான் கோபிக்க மாட்டேன். எந்தத் தாளில், என்றைக்கு என்று சொன்னால், விண்ணப்பம் போய்ச் சேருவதற்கு முன்பு தடுக்க முடியுமா என்று லோயரிடம் கேட்பேன். பாஸ்போட் அவரிடம் போய்விட்டதென்றால் அண்ணாவைக் கூட்டிக்கொண்டு போய் இன்றைக்கே திருப்பி வாங்கும்.

நான் எங்கும் போகவில்லை, என் மனமும் மாறவில்லை. பாஸ்போட் உம்முடைய கையில் இருக்கிறது என்று இன்று இரவு எனக்கு ஒரு குரல்பதிவு அனுப்பும்.

உம்முடையவன்