ஒவ்வொரு மணி நேரமும் முழங்காலைத் தட்டுவது ஏன்?

"இப்போதுதான் கண் அயர்ந்தாள், டாக்டர். சிஸ்டர் வந்து மறுபடியும் காலைத் தட்டி எழுப்பிவிட்டார். விடியும் வரையாவது தூங்க விடக் கூடாதா?" பிரசவப் பிரிவில் நள்ளிரவில் ஒரு தாயார் என்னிடம் இவ்வாறு கேட்டார். நியாயமான கேள்விதான்.

அவருடைய மகளுக்கு 36-ஆவது வாரத்தில் இரத்த அழுத்தம் 170/110 ஆக உயர்ந்து, கடுந்தலைவலியும் கண் மங்கலும் ஏற்பட்டிருந்தன. தீவிர பிரீ-எக்ளாம்ப்சியா எனப்படும் இந்நிலையில் எந்நேரமும் வலிப்பு வரலாம். ஆகவே மெக்னீசியம் சல்பேட் மருந்தை முதலில் 4 கிராம் அளவில் 20 நிமிடங்களுக்கு மெதுவாகவும், பின்னர் மணிக்கு 1 கிராம் வீதமும் நரம்பு வழியே செலுத்தினோம். செலுத்தும்போது உடலெங்கும் சூடு பரவுவதுபோல் தோன்றும். அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. இரத்த அழுத்தத்தைக் குறைக்க வேறு மருந்து தரப்படுகிறது. இது வலிப்பைத் தடுப்பதற்கானது. 33 நாடுகளில் ஏறத்தாழ பத்தாயிரம் பெண்களிடம் நடத்தப்பட்டு 2002-இல் வெளியான மாக்பை ஆய்வில், இம்மருந்து பெற்றவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பு பாதிக்கும் மேல் குறைந்திருந்தது.

ஆனால் மெக்னீசியம் உடலைவிட்டு வெளியேறச் சிறுநீரகமே வழி. இந்நோய் அச்சிறுநீரகத்தையே தாக்கக் கூடியது. சிறுநீர் குறைந்தால், அதே அளவு மருந்து இரத்தத்தில் தேங்கத் தொடங்கும். தேங்கும் மருந்து தசைகளை ஒரு வரிசைப்படி தளர்த்துகிறது: முதலில் முழங்காலின் அனிச்சைத் துடிப்பு மறையும், அளவு மேலும் ஏறினால் மூச்சு தளரும், அதற்கும் மேல் இதயம் நிற்கக்கூடும். ஆகவே கால் துடிக்கும் வரை மூச்சுக்கு ஆபத்து நெருங்கவில்லை என்று கொள்ளலாம். (முதுகில் மயக்க ஊசி போட்டிருந்தால் கால் துடிப்பை நம்ப இயலாது, அப்போது முழங்கையில் தட்டிப் பார்ப்போம்.) செவிலியர் மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுவார், அது 16-க்குக் குறையக் கூடாது. சிறுநீர்ப் பையில் மணிக்கு 30 மில்லியாவது சேர வேண்டும்.

குழந்தை பிறந்த அன்றிரவு இரண்டு மணிக்கு, அப்பெண்ணின் பையில் முந்தைய நான்கு மணி நேரத்தில் 70 மில்லி மட்டுமே சேர்ந்திருந்தது. செவிலியர் சுத்தியலால் தட்டியபோது கால் அசையவில்லை. மூச்சு 18. என்னை அழைப்பதற்கு முன்பே அவர் மருந்தை நிறுத்திவிட்டார், அதுவே முறை. மாற்றுமருந்தான கால்சியம் குளுக்கோனேட் 1 கிராம் படுக்கையருகே ஆயத்தமாக வைக்கப்பட்டது. மூச்சு குறைந்திருந்தால் அதனைப் பத்து நிமிடங்களில் செலுத்தியிருப்போம், தேவைப்படவில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கால் மீண்டும் துடித்தது, சிறுநீரும் பெருகியது. பாதியளவில் மருந்தைத் தொடர்ந்தோம். பிரசவத்திற்குப் பின்னரும் வலிப்பு வரக்கூடும் என்பதால் 24 மணி நேரம் நிறைவடைந்த பின்னரே நிறுத்தினோம்.

அந்தத் தாயாரிடம் ஒன்று கூறினேன்: மகள் தூங்குகிறாள் என்று செவிலியரைத் திருப்பி அனுப்பாதீர்கள். பேச்சுக் குழறினாலோ, பொருள்கள் இரண்டாகத் தெரிவதாகச் சொன்னாலோ, எழுப்பியும் விழிக்கச் சிரமப்பட்டாலோ, அடுத்த மணி வரை காத்திராமல் உடனே எங்களை அழையுங்கள்.